ஏழாவது அறை

(இராமேசுவரத்தில் விடுதி உரிமையாளர்களும் வணிகவியல் மாணவர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. லாட்ஜுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். அதனால் தத்துவத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு லாட்ஜின் கதையைச் சொல்கிறேன். கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள, 12 ஏசி அறைகள் கொண்ட சிறிய விடுதி அது. பெயரைச் சொல்லமாட்டேன். எண்களையும் கணக்குக்கு வசதியாக வட்டமாக்கியிருக்கிறேன். அந்த உரிமையாளரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன்.

ஒருநாள் அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, ரூமெல்லாம் பழசாப் போச்சு. பாத்ரூமை உடைச்சு, புது ஏசி, புதுக் கட்டில் எல்லாம் போட்டா ரூமுக்கு 2,60,000 ஆகுதாம். 12 ரூமுக்கு 31 லட்சம் சொச்சம். வருஷத்துக்கு 11 லட்சம் வசூல் கூடும். மூணு வருஷத்துல போட்டது வந்துரும். சரிதானே?" என்று கேட்டார்.

கூட்டல் வகுத்தலில் தப்பில்லை. ஆனால் அந்த "மூணு வருஷம்" சரியில்லை. ஏன் சரியில்லை என்பதும், சரியான விடை எது என்பதும்தான் இன்றைய பேச்சு.

முதலில் அவர் சொன்ன 11 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

நம் ஊரில் நாட்கள் இரண்டு ஜாதி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மஹாளய அமாவாசை, மே மாத விடுமுறை, ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் மார்கழி நாட்கள், தொடர் விடுமுறைகள்: இந்த நாட்களில் அறை கேட்டு ஆள் வாசலில் நிற்பார். அண்ணாச்சியின் பதிவேட்டில் அப்படி 12 அறையும் நிரம்பிய நாட்கள் ஆண்டுக்கு 65. மீதி 300 நாளில் சராசரியாக 5 அறைதான் நிரம்பியது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஆண்டு நிரம்பல் 52 சதவீதம். இந்த 52 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்கமுடியாது. ஏனென்றால் 52 சதவீதம் நிரம்பிய நாள் என்று ஒன்று அந்த லாட்ஜில் கிடையவே கிடையாது. நிரம்பி வழிந்த நாள் உண்டு, வெறிச்சோடிய நாள் உண்டு.

புதுப்பித்தால் என்ன மாறும்? நிரம்பிய நாளில் ஒரு ஆள்கூட அதிகம் வரமுடியாது. 12 அறைதானே இருக்கிறது. அன்றைக்கு வாடகையை மட்டும்தான் ஏற்றமுடியும். கமிஷன் போகக் கைக்கு 2,200 வந்த இடத்தில் 2,700 வரும் என்று வைத்தோம். 65 நாள், 12 அறை, ஆக 780 அறை இரவுகள். ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். மொத்தம் 3,90,000.

மீதி 300 நாளில் 5 அறை நிரம்பியது 6 ஆகும், வாடகை 1,200-லிருந்து 1,400 ஆகும் என்பது எங்கள் கணிப்பு. அங்கே வரும் ஒவ்வொரு புது விருந்தினரும் செலவையும் கூட்டிக்கொண்டு வருகிறார். சலவை, மின்சாரம், லாரித் தண்ணீர், சோப்பு, சுத்தம் செய்கிறவரின் கூலி என்று ஓர் அறை ஓர் இரவு நிரம்பினால் 400 ரூபாய் கரையும். அதைக் கழித்தால் முன்பு 1,500 இரவுகளுக்கு இரவுக்கு 800 வீதம் 12 லட்சம் நின்றது. இனி 1,800 இரவுகளுக்கு இரவுக்கு 1,000 வீதம் 18 லட்சம் நிற்கும். கூடுதல் 6 லட்சம்.

இரண்டும் சேர்ந்து 9,90,000. அண்ணாச்சி சொன்ன 11 லட்சம் வசூல். நான் சொல்லும் 9,90,000 கையில் நிற்பது. வித்தியாசம் அந்த 400 ரூபாய்தான்.

அடுத்தது, இந்த 9,90,000 முதல் ஆண்டே வந்துவிடுமா? நிரம்பிய நாளில் வந்துவிடும். அன்று வருகிறவருக்கு வேறு வழியில்லை. மற்ற நாளில் வருகிறவர் செல்பேசியில் படமும் விமர்சனமும் பார்த்துத்தான் வருகிறார். நீங்கள் பாத்ரூமை மாற்றியிருப்பீர்கள். ஆனால் போன வருஷம் ஒருவர் எழுதிய "பாத்ரூமில் நாற்றம்" அங்கேயே இருக்கும். புதிய விமர்சனங்கள் மேலே வந்து அதைக் கீழே தள்ள ஓர் ஆண்டு ஆகும். அதனால் அந்த 6 லட்சத்தில் முதல் ஆண்டு பாதியைத்தான் எழுதினேன். முதல் ஆண்டு 6,90,000. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் முழு 9,90,000.

அதற்குப் பிறகு இறங்கவேண்டும். இங்கேதான் நம் ஊருக்கும் மதுரைக்கும் வித்தியாசம். நம்மைச் சுற்றி உப்புக்காற்று. ஏசியின் வெளி யூனிட்டில் செம்புக் குழாயைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகள் பொடிப்பொடியாக உதிர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூச்சுப் போட்ட காயில் வாங்கினால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். ஜன்னல் கம்பி துருவேறும். உப்புத்தண்ணீரில் கீசரின் கம்பிச்சுருள் பாறை கட்டும், ஷவரின் கண்ணெல்லாம் அடைக்கும். நம் விருந்தினர் வேறு மாதிரியானவர். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி சொட்டச்சொட்ட அறைக்கு வருகிறார். பிளைவுட் கட்டிலின் கால் முதலில் ஊறுவது அந்தத் தண்ணீரில்தான். ஆக நான்காம் ஆண்டு 9 லட்சம், ஐந்தில் 8, ஆறில் 6.5, ஏழில் 5, எட்டில் 3.5 என்று இறக்கினேன். இந்த இறக்கத்தை நான் கற்பனையில் எழுதவில்லை. அதே தெருவில் முன்பு புதுப்பித்த ஒரு விடுதியின் பழைய பில் புத்தகங்களில் வாடகை எப்படிச் சரிந்தது என்று பார்த்து எழுதினேன். உங்களுக்கும் அதுவே வழி.

செலவுப் பக்கம் வருவோம். ரூமுக்கு 2,60,000 என்பதில் பாத்ரூம் 1,00,000, ஏசி 45,000, கட்டில் மெத்தை அலமாரி 55,000, வயரிங் ஜன்னல் பெயிண்ட் 60,000. பன்னிரண்டுக்கு 31,20,000. பழைய பாத்ரூமை உடைத்தபின் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்லாப்பின் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைத் தள்ளியிருக்கும். அதற்காக 2,80,000 கைக்காப்பு வைத்தோம். வேலை நடக்கும் 120 நாளில் சத்தத்துக்குப் பயந்து நாளுக்கு ஓர் அறை காலியாகும் என்று ஏறக்குறைய 1 லட்சம் போட்டோம். மொத்தம் 35 லட்சம்.

இங்கே இரண்டு குறிப்பு. அந்த 1 லட்சம் 1 லட்சமாகவே நிற்கவேண்டுமென்றால் வேலையை மூன்று மூன்று அறையாக, காலி நாட்களில் செய்யவேண்டும். மாசி பங்குனியில் இரண்டு தொகுதி, பள்ளி திறந்தபின் ஆடி அமாவாசைக்குள் ஒன்று, அது முடிந்து மஹாளயத்துக்குள் ஒன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காயாது. நிரம்பும் நாளில் மூன்று அறையை மூடி வைத்தால் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போச்சு.

இரண்டாவது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு வரி 5 சதவீதம். ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கமுடியாது. முன்பு 12 சதவீதம் இருந்தபோது நாம் வாங்கும் பொருளின் வரியைக் கழித்துக்கொள்ள வழியிருந்தது. இப்போது ஏசிக்கும் டைல்ஸுக்கும் கட்டும் வரி முழுவதும் உங்கள் செலவுதான். அதனால் கொட்டேஷனில் வரிக்கு முந்திய தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் சொல்லும் 2,60,000 வரியோடு சேர்ந்தது.

இப்போது இந்த எண்களை எப்படி எடை போடுவது?

இன்று கையில் உள்ள 100 ரூபாயும் எட்டு வருஷம் கழித்து வரப்போகும் 100 ரூபாயும் ஒன்றில்லை. வட்டிக்கு விட்டவருக்கு இது தெரியும், சீட்டு எடுத்தவருக்கும் தெரியும். எதிர்காலத்தில் வரும் ஒவ்வொரு ஆண்டுத் தொகையையும் இன்றைய மதிப்புக்குச் சுருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, போடும் முதலைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிகர இன்றைய மதிப்பு. என்.பி.வி. என்று மாணவர்கள் படிப்பது இதைத்தான். பூஜ்யத்துக்கு மேலே இருந்தால், அந்தப் பணம் வேறு இடத்தில் சம்பாதித்திருக்கக்கூடியதைவிட இங்கே கூடுதலாகச் சம்பாதிக்கிறது என்று பொருள். கீழே போனால், லாபம் வருவதுபோல் தெரிந்தாலும் நஷ்டம்.

எந்த வீதத்தில் சுருக்குவது? அண்ணாச்சி தன் பணத்துக்கு 15 சதவீதம் எதிர்பார்த்தார். நியாயம்தான், லாட்ஜ் தொழிலில் ஆபத்து உண்டு. ஆனால் நாம் எட்டு ஆண்டுக்கும் இன்றைய வாடகையிலேயே கணக்கு எழுதியிருக்கிறோம், விலையேற்றத்தைச் சேர்க்கவில்லை. அப்படியானால் வீதத்திலிருந்தும் விலையேற்றத்தை நீக்கவேண்டும். விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுமென்றால் 1.15-ஐ 1.05-ஆல் வகுக்க வருவது ஏறக்குறைய 9.5 சதவீதம். 10 என்று வைத்தோம். ஒரு பக்கம் இன்றைய விலை, மறுபக்கம் விலையேற்றம் கலந்த வட்டி என்று எழுதினால் நல்ல திட்டமும் கெட்டதாகத் தெரியும். நான் பார்த்த தவறுகளில் இது அடிக்கடி வருவது.

இன்னொன்றும் உண்டு. பாங்குக் கடன் தவணையை ஆண்டு வரவிலிருந்து கழிக்காதீர்கள். சுருக்கும் வீதத்திலேயே பணத்தின் விலை அடங்கிவிட்டது. தவணையையும் கழித்தால் ஒரே வட்டியை இரண்டு முறை கட்டியதாக ஆகும். தவணை கட்ட மாதாமாதம் பணம் இருக்குமா என்பது வேறு கேள்வி. அதை வேறு தாளில் எழுதிப் பாருங்கள்.

சரி, விடைக்கு வருவோம். 10 சதவீதத்தில் சுருக்கினால் ஐந்து ஆண்டு வரவின் இன்றைய மதிப்பு 33 லட்சம். போட்டது 35. ஆக ஐந்து ஆண்டு முடிந்தும் முதல் திரும்பவில்லை. ஆறாம் ஆண்டில்தான் கோட்டைத் தாண்டுகிறது. எட்டு ஆண்டு ஓடினால் மிஞ்சுவது 5.9 லட்சம். அண்ணாச்சியின் மூன்று வருஷம் ஆறு வருஷமாகிவிட்டது. அதுவும் எதுவும் தப்பாகப் போகாவிட்டால்.

தாளைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்: "அப்ப வேணாங்கிறியா தம்பி?"

"வேணாம்னு சொல்லல அண்ணாச்சி. 12 எதுக்குன்னு கேக்குறேன்" என்றேன்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கு இப்படித் தலைப்பு வைத்தேன். புதுப்பித்த பிறகும் 300 நாளில் 6 அறைதான் நிரம்பப் போகிறது. அப்படியானால் ஏழாவது அறைக்குப் புது டைல்ஸ் யாருக்காக? அந்த 300 நாளும் அது பூட்டித்தானே கிடக்கும்? நிரம்பும் 65 நாளில் மட்டும் அது கூடுதலாக 500 ரூபாய் தரும். ஆண்டுக்கு 32,500. அதற்காகக் கைக்காப்பும் வேலைக்கால இழப்பும் சேர்த்து ஏறக்குறைய 2,90,000 போடுகிறோம்.

6 அறை மட்டும் புதுப்பித்தால் என்ன ஆகும்? செலவு பாதி, 17.5 லட்சம். வரவு பாதியாகாது. மற்ற நாட்களின் 6 லட்சம் அப்படியே கிடைக்கும், ஏனென்றால் வருகிற 6 பேரையும் புது அறையில்தான் தங்கவைப்போம். நிரம்பிய நாளின் 3,90,000 மட்டும் பாதியாகி 1,95,000 ஆகும். முழு ஆண்டுக்கு 7,95,000. மாணவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்க, லட்சத்தில் எழுதித் தருகிறேன்:

```
B1: -17.5
B2: 4.95
B3: 7.95
B4: 7.95
B5: 7.2
B6: 6.4
B7: 5.2
B8: 4.0
B9: 2.8
=B1+NPV(10%,B2:B9)
```

விடை 14.7 லட்சம். முதல் திரும்புவது நான்காம் ஆண்டில். இன்று போடும் முதலான `B1`, `NPV` அடைப்புக்குள் போகாமல் வெளியே நிற்பதைக் கவனியுங்கள். உள்ளே போட்டால் கணினி அதை ஓராண்டு கழித்துச் செய்யும் செலவாக எடுத்துக்கொண்டு, மொத்த விடையையும் 1.1-ஆல் வகுத்துவிடும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 12 அறைக்கு 5.9 லட்சம், 6 அறைக்கு 14.7 லட்சம். அப்படியானால் பின் ஆறு அறைகள் என்ன செய்தன? முன் ஆறு சம்பாதித்ததில் ஏறக்குறைய 9 லட்சத்தைத் தின்றன. லாட்ஜ் முழுவதையும் ஒரே திட்டமாகப் பார்த்தபோது இது தெரியவில்லை. மொத்த விடை பூஜ்யத்துக்கு மேலே இருந்ததால் நல்ல அறையின் லாபத்துக்குள் கெட்ட அறையின் நஷ்டம் ஒளிந்துகொண்டது. இரண்டாகப் பிரித்ததும் வெளியே வந்தது.

இந்த இடத்தில் முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டுகிறார். "தினமும் சரியா ஆறு பேரா வர்றாங்க?" என்று கேட்க நினைக்கிறார். நியாயமான கேள்வி. 300 நாளும் சரியாக 6 என்பது நான் செய்த எளிமை. ஒரு சனிக்கிழமை 9 வரும், ஒரு செவ்வாய்க்கிழமை 3 வரும். அதனால் ஏழாவது அறை முழுக்கப் பூட்டிக் கிடக்காது, சில நாள் திறக்கும். எத்தனை நாள் திறந்தால் புதுப்பிக்கலாம்?

அதையும் கணக்கிட்டோம். ஓர் அறைக்குப் போடும் 2,90,000 எட்டு ஆண்டில், இந்த இறக்கத்தோடு, 10 சதவீதத்தில் திரும்பவேண்டுமானால் நல்ல ஆண்டொன்றில் அந்த அறை கூடுதலாக ஏறக்குறைய 70,000 தரவேண்டும். நிரம்பும் நாட்கள் 32,500 தந்துவிடும். மீதி 37,500. புதிதாக நிரம்பும் ஓர் இரவு, செலவு போக 1,000 தரும். ஆக அந்த அறை, முன்பு காலியாகக் கிடந்த இரவுகளில் ஆண்டுக்கு 38 இரவாவது புதிதாக நிரம்பவேண்டும். சுமாராக 40 என்று மனதில் வையுங்கள். முன்பும் நிரம்பியிருந்த இரவு கணக்கில் வராது. அதில் வாடகை ஏற்றம் 200 மட்டுமே கிடைக்கும்.

அண்ணாச்சியின் பதிவேட்டை ஒரு வாரம் உட்கார்ந்து புரட்டினோம். ஒவ்வொரு இரவும் எத்தனை அறை நிரம்பியது என்று எழுதி, சரியாக 6 அறையோடு நின்ற இரவுகள் எத்தனை, 7-ஓடு நின்றவை எத்தனை, 8-ஓடு நின்றவை எத்தனை என்று எண்ணினோம். ஏழாவது, எட்டாவது அறைகளுக்கு 40 புது இரவு கிடைக்க வாய்ப்பு இருந்தது. ஒன்பதாவதுக்கு இல்லை. 8 அறையோடு நிறுத்தினார். மீதி நாலைப் பெயிண்ட் அடித்து, குழாய் ஒழுகலைச் சரிசெய்து, "சாதா அறை" என்று தனியாகப் பழைய வாடகையில் விடுகிறார். ஒரே எச்சரிக்கை: சாதா அறைக்குச் சாதா அறையின் படத்தைத்தான் போடவேண்டும். புது அறையின் படத்தைக் காட்டிப் பழைய அறையின் சாவியைக் கொடுத்தால், அவர் எழுதும் விமர்சனம் 8 புது அறையையும் சேர்த்து இழுத்துவிடும்.

அடுத்தது சுழற்சி. ஒரு முறை புதுப்பித்தால் கதை முடிவதில்லை. மறுபடி எப்போது? முன் ஆறு அறைகளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 8 ஆண்டுச் சுழற்சியின் நிகர மதிப்பையும் 10 ஆண்டுச் சுழற்சியின் நிகர மதிப்பையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. எட்டாண்டுக்காரர் இரண்டு ஆண்டு முன்னதாகவே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறார். அதனால் நிகர மதிப்பை, ஆண்டுதோறும் சமமாகக் கிடைக்கும் தொகையாக மாற்றிப் பார்க்கவேண்டும். நான் இதை ஆண்டுச் சமம் என்பேன். 14.7 லட்சத்தை எட்டு ஆண்டுக்கான பெருக்கெண் 5.335-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2.76 லட்சம். 7 ஆண்டிலேயே மறுபடி உடைத்தாலும் ஏறக்குறைய அதே 2.76, 9 வரை இழுத்தால் 2.67. ஆக ஏழோ எட்டோ ஆண்டு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, உங்கள் காசு வசதியைப் பொறுத்துச் செய்யுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைத்து ஒரே நாளில் புதுசாக்கவேண்டும் என்று யார் சொன்னது? அறையில் இரண்டு வகைப் பொருள் இருக்கிறது. டைல்ஸ், நீர்க்கசிவுத் தடுப்பு, வயரிங், யுபிவிசி ஜன்னல் போன்றவை பத்து வருஷம் தாங்கும். மெத்தை, பெயிண்ட், திரைச்சீலை, ஷவர், விளக்கு ஆகியவை நாலைந்து வருஷத்தில் முகம் கெடும். விருந்தினர் அறையைப் பழசு என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைப் பார்த்துத்தான்.

அதனால் ஐந்தாம் ஆண்டின் முடிவில் ரூமுக்கு 65,000 ரூபாய்ச் செலவில், 6 அறைக்கு ஏறக்குறைய 4 லட்சத்தில், இரண்டாவது வகையை மட்டும் மாற்றுவோம். 6.4-க்கு வந்துவிட்ட ஆண்டு வரவு 7.6-க்கு ஏறி, பிறகு 7.2, 6.8, 6, 4.8 என்று மெதுவாக இறங்கும். பெரிய உடைப்பு பத்தாம் ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இந்தப் பத்தாண்டுத் திட்டத்தின் நிகர மதிப்பு 21.5 லட்சம், ஆண்டுச் சமம் 3.5 லட்சம். எட்டாண்டில் மொத்தமாக உடைப்பதைவிட ஆண்டுக்கு 74,000 ரூபாய் கூடுதல், பத்தாண்டுக்கும். இத்தனைக்கும் இடையில் போட்டது 4 லட்சம்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாத்ரூமின் நீர்க்கசிவுத் தடுப்பு பத்து ஆண்டு நிற்கவேண்டும். அது ஐந்தாம் ஆண்டில் கசிந்தால் டைல்ஸை உடைக்காமல் சரிசெய்யமுடியாது, கணக்கு முழுவதும் சரியும். ஆகவே கொட்டேஷனில் பேரம் பேசவேண்டுமென்றால் விளக்கில் பேசுங்கள், திரைச்சீலையில் பேசுங்கள், அந்தப் பூச்சில் பேசாதீர்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பாத்ரூமின் தரையில் தண்ணீரைக் கட்டி இரண்டு நாள் நிறுத்தி, கீழ்த்தள ஸ்லாப்பில் ஈரம் தெரிகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

கடைசியாக, கணிப்பு தவறினால்? 6 அறைத் திட்டத்தில் மற்ற நாட்களில் ஒரு ஆள்கூடக் கூடவில்லை, 5 அறை 5 ஆகவே நிற்கிறது, ஆனால் வாடகை மட்டும் 200 ஏறியது என்றால், எட்டாண்டு நிகர மதிப்பு 3 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் பூஜ்யத்துக்கு மேலேதான். வாடகையும் ஏறவில்லை என்றால் ஏறக்குறைய 9 லட்சம் நஷ்டம். ஆக இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் சாதாரண நாளில் அந்த 200 ரூபாயை வாங்கமுடியுமா என்பதில்தான். அதைச் சோதிக்க 17.5 லட்சம் தேவையில்லை. முதலில் இரண்டு அறையை மட்டும் செய்து, ஆறு மாதம் 1,400-க்கு விட்டுப் பாருங்கள்.

அந்தச் சோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தபின்தான் ரயில் மறுபடி தீவுக்குள் வந்தது. அந்த ஏப்ரலுக்குச் சற்று முன் அறையைப் புதுப்பித்தவர், மே மாத வசூலைப் பார்த்து "டைல்ஸ் போட்ட ராசி" என்று சொல்லியிருப்பார். ராசி டைல்ஸில் இல்லை, தண்டவாளத்தில். அதனால் உங்கள் புது இரண்டு அறையைப் போன வருஷத்தோடு ஒப்பிடாதீர்கள். அதே மாதத்தில், அதே கட்டடத்தில், பழைய பத்து அறைகளோடு ஒப்பிடுங்கள். என் கணக்கில் விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். புதுப்பிக்காத அறை இருந்த இடத்திலேயே நிற்கும் என்று வைத்திருக்கிறேன். உண்மையில் அதுவும் ஆண்டுக்காண்டு இறங்கும். அந்த அளவுக்கு விடை இன்னும் கொஞ்சம் நல்லதாகும். வருமான வரியையும் தேய்மானத்தையும் நான் தொடவில்லை. அது ஒவ்வொருவருக்கும் வேறு, உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஐயா, அண்ணாச்சிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் கடந்த 12 மாதத்துப் பதிவேட்டை எடுங்கள். எந்தெந்த இரவில் எத்தனை அறை நிரம்பியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த அறையிலிருந்து 40 புது இரவு கிடைக்காது என்று அந்தத் தாளே சொல்லும். அங்கே ஒரு கோடு போடுங்கள். டைல்ஸ் கடைக்குப் போகும்போது கோட்டுக்கு மேலே உள்ள அறைகளுக்கு மட்டும் அளவு கொடுங்கள்.